மூடி திறக்க மறுக்கும் கட்டைவிரல்: அடிமூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜாம் பாட்டில் மூடியைத் திருகும்போது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில், சுருக்கென்று ஒரு வலி வரும். பிடி நழுவும். பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். ஐம்பத்தைந்து, அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் கைவலி என்று எங்கள் சிகிச்சை அறைக்கு வரும்போது பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். "கையில சத்தே இல்லைம்மா" என்பார்கள். பிடித்துப் பார்த்தால் மற்ற விரல்களில் சத்து நன்றாகவே இருக்கும். தகராறு ஒரே ஒரு மூட்டில்தான்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யக் கற்றுத்தருவது என் தொழில். இந்த வலிக்கு மருந்தைவிட, மூடியை எப்படிப் பிடிக்கிறோம், மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் உறையான ஸ்பிளிண்டை எப்போது போடுகிறோம் என்ற இரண்டு விஷயங்கள்தான் அன்றாடத்தில் அதிக வித்தியாசம் தருகின்றன என்பது என் அனுபவம். இரண்டையுமே பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அதனால் அவற்றை விரிவாகவும், மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

முதலில், இது அந்த வலிதானா?

கட்டைவிரலின் நுனியிலிருந்து கீழே வாருங்கள். முதல் மூட்டு நகத்துக்குக் கீழே, இரண்டாவது விரல் உள்ளங்கையில் சேரும் இடத்தில். மூன்றாவது, மணிக்கட்டுக்கு மிக அருகில், சதைக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த மூன்றாவதுதான் அடிமூட்டு. அங்கே ஒரு எலும்பு குதிரைச் சேணம் போல வளைந்திருக்கும், மற்றொன்று அதன்மேல் சவாரி செய்வது போல உட்கார்ந்திருக்கும். கட்டைவிரல் எல்லாப் பக்கமும் சுழல்வது இந்த அமைப்பால்தான். சீக்கிரம் தேய்வதற்கும் இதுவே ஒரு காரணம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் வருகிறது.

மற்ற கையின் ஆள்காட்டி விரலால் அந்த இடத்தை அழுத்துங்கள். வலி அங்கேயே இருந்து, சாவி திருப்பும்போதும், கனமான தட்டை விளிம்பில் பிடித்துத் தூக்கும்போதும், பேனா பிடித்து எழுதும்போதும் அதே இடத்தில் வந்தால் அடிமூட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நாளாகிவிட்டால் அந்த இடம் வெளியே புடைத்து, கையின் ஓரம் சதுரமாகத் தெரியும்.

வேறு சில வலிகளும் இங்கேயே சுற்றுகின்றன. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது மணிக்கட்டின் ஓரத்தில் உயிர்போகும் வலி வந்தால், அது தசைநார் உறையின் வீக்கமாக இருக்கலாம். பேரக்குழந்தையை அக்குளில் கைகொடுத்து அடிக்கடி தூக்கும் பாட்டிமார்களுக்கு இதை நிறையப் பார்க்கிறேன். இரவில் விரல்கள் மரத்துப்போய் எழுப்பினால் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குமேல் விரல்கள் இறுகி, இரண்டு கையிலும் பல முட்டிகள் வீங்கியிருந்தால் முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு இந்தக் கட்டுரை போதாது. கீழே விழுந்த பிறகு வந்த வலியானாலும், மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தாலும், காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை. படத்தில் மூட்டு மோசமாகத் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். படத்தில் லேசான தேய்மானம், ஆனால் புடவைக்கு ஊக்கு குத்தக்கூட முடியாதவர்களும் இருக்கிறார்கள். "சவ்வு சுத்தமா தேஞ்சுபோச்சு" என்று யாராவது சொன்னதைக் கேட்டுப் பயந்து கையை உபயோகிக்காமலே விட்டுவிட வேண்டாம்.

மூடி ஏன் இவ்வளவு வலிக்கிறது

கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் இடையே ஒரு பொருளை 1 கிலோ அளவு விசையோடு கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழுகிறது. 1970-களில் வந்த இந்தக் கணக்கைக் கை மருத்துவத்தில் இன்றும் சொல்வார்கள். விரல் நீளம் நெம்புகோலாக வேலை செய்வதால்தான் இப்படி. நுனியில் செய்யும் சின்ன வேலை அடியில் பல மடங்காகிறது.

மூடியைத் திருகும்போது இன்னொன்றும் நடக்கிறது. அகலமான மூடியைச் சுற்றிக் கட்டைவிரலை விரித்து, நுனியால் பக்கவாட்டில் அழுத்திச் சுழற்றுகிறோம். விரித்தல், அழுத்தல், முறுக்கல் மூன்றும் ஒரே நேரத்தில். தளர்ந்துபோன மூட்டில் மேலெலும்பு சேணத்திலிருந்து ஓரமாகச் சறுக்கப் பார்க்கும். அந்தச் சறுக்கல்தான் சுருக்கென்ற வலி. சிலருக்கு இதைச் சமாளிக்க நடு மூட்டு பின்பக்கமாக வளைந்து, விரல் 'இசட்' வடிவத்தில் ஒடிந்தது போலத் தெரியும். கண்ணாடி டம்ளரை ஓரத்தில் பிடித்துக்கொண்டு உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். நடு மூட்டு உள்ளே குழிந்து போகிறதா? அப்படியானால், அந்தப் பிடியைத்தான் மாற்ற வேண்டும்.

பாட்டிலைத் திறப்பது: படிப்படியாக

முதல் படி, மூடி ஏன் திறக்கவில்லை என்று கண்டுபிடிப்பது. இதைச் செய்யாமல் நேராகக் கையால் போராடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கடையில் வாங்கிய புது ஜாம் அல்லது ஊறுகாய் பாட்டில், உலோக மூடி என்றால், உள்ளே காற்றில்லாமல் மூடி உறிஞ்சிப் பிடித்திருக்கும். பலம் காட்டத் தேவையே இல்லை, காற்றை உள்ளே விட்டால் போதும். பாட்டிலை ஈரத்துணிமேல் வையுங்கள். ஒரு ஸ்பூனின் மொண்ணையான காம்பை மூடியின் கீழ் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே நுழைத்து, ஸ்பூனை முழுக் கையாலும் பிடித்து மெல்ல வெளிப்பக்கம் நெம்புங்கள். இரண்டு மூன்று இடத்தில் நெம்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மூடியின் நடுவில் உள்ள குமிழ் மேலே எழும்பும். அதற்குப் பிறகு மூடி சிரமமில்லாமல் சுழலும். கத்தி நுனியை வைக்காதீர்கள், வழுக்கினால் மறுகையில்தான் பாயும். கண்ணாடி விளிம்பு சில்லாகவும் உடையலாம்.

ஏற்கெனவே திறந்து பயன்படுத்திய பாட்டில் என்றால், மூடியின் மரையில் எண்ணெய், உப்பு, வெல்லப்பாகு காய்ந்து ஒட்டியிருக்கும். மூடிப் பக்கத்தை மட்டும் வெந்நீரில் படும்படி அரை நிமிடம் காட்டுங்கள். காய்ந்தது இளகும், உலோக மூடி கொஞ்சம் விரியவும் செய்யும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி பாட்டிலுக்கு மட்டும் இது வேண்டாம், கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் மரையை ஒரு துணியால் துடைத்துவிட்டால் இந்தத் தொல்லையே பாதி வராது.

மூன்றாவது காரணம், வீட்டில் இருக்கும் இன்னொருவர். மகனோ மருமகளோ கடைசியாக மூடியவர் முழு பலத்தோடு இறுக்கியிருப்பார். பெரும்பாலான பொருட்களுக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. "தொட்டு நிறுத்துற அளவுக்கு மூடினா போதும்" என்று வீட்டில் ஒருமுறை சொல்லி வைப்பது எந்தக் கருவி வாங்குவதைவிடவும் பயன் தரும்.

இரண்டாவது படி, பாட்டிலின் இடம். சமையல் மேடை சற்று உயரமாக இருந்தால் அதன்மேல் வைத்துத் திருகாதீர்கள். உயரம் கூடினால் தோள் பலம் போய்விடும், விரல்கள்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். இடுப்புக்குக் கீழான உயரம் நல்லது. சாப்பாட்டு மேசை போதும், அல்லது நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலைத் தொடைகளுக்கு இடையே ஈரத்துணி சுற்றி இடுக்கிக்கொள்ளலாம். அப்போது பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும் வேலையிலிருந்து மறு கைக்கும் விடுதலை.

மூன்றாவது படிதான் முக்கியமானது, பிடி. மூடிமேல் ஒரு ரப்பர் துண்டை விரியுங்கள். பழைய பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை வெட்டி எடுத்த துண்டே போதும். அதன்மேல் உள்ளங்கையைப் பரப்பி வையுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களை ஒட்டியே இருக்கட்டும், மூடியின் ஓரத்தைப் பிடிக்கக் கொக்கி போட வேண்டாம். முழங்கையை நீட்டி, உடம்பின் எடையை மூடிமேல் இறக்கி, தோளிலிருந்து சுழற்றுங்கள். மணிக்கட்டு கூட அதிகம் திரும்பாது. சரியாகச் செய்தால் கட்டைவிரல் வேலையே செய்யாமல் மூடி திறக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் அழுத்தம் தெரிந்து, கட்டைவிரல் அடியில் ஒன்றும் தெரியாமல் இருந்தால் பிடி சரி. அடியில் வலித்தால் கட்டைவிரல் தன்னையறியாமல் பிடிக்க வந்துவிட்டது என்று அர்த்தம். பழக்கதோஷம், சில வாரம் ஆகும்.

இந்த முறை சிறிய மூடிகளுக்கு உதவாது. தண்ணீர் பாட்டில், தேங்காய் எண்ணெய் பாட்டில், இருமல் மருந்து மூடியெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்காது. அவற்றுக்கு 'வி' வடிவப் பற்கள் கொண்ட ஓப்பனரை அலமாரித் தட்டின் அடியில் திருகாணியால் பொருத்திவிடலாம். மூடியை அதில் மாட்டி, பாட்டிலை இரண்டு கையாலும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். நீளமான கைப்பிடி உள்ள ரப்பர் பட்டை ஓப்பனரும் நல்லது. கைப்பிடி நீளம் கூடக் கூட விரல் பலம் குறைவாகப் போதும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கருவியைப் பிடிக்கவே கட்டைவிரலால் கிள்ள வேண்டியிருந்தால் அது உங்களுக்கானதல்ல.

எவர்சில்வர் டப்பாக்களின் அழுத்து மூடி தனிப் பிரச்சினை. அதைக் கட்டைவிரல்களை விளிம்பில் கொடுத்துத் தள்ளித் திறப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். அடிமூட்டுக்கு அது மிக மோசமான அசைவு. கரண்டிக் காம்பைக் கொடுத்து நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். தினமும் எடுக்கும் துவரம்பருப்பு, சர்க்கரை, காபிப்பொடியை மட்டும் லேசான மூடி உள்ள டப்பாவுக்கு மாற்றிவிட்டு, எப்போதோ எடுப்பதைப் பழைய டப்பாவிலேயே வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

ஸ்பிளிண்ட்: எது, எப்போது, எவ்வளவு நேரம்

புரசைவாக்கத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். வயது 68, ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். வலது கை. சர்ஜிக்கல் கடையில் தானாகவே ஒரு ஸ்பிளிண்ட் வாங்கியிருந்தார். முன்கையில் பாதி வரை வரும், உள்ளே அலுமினியத் தகடு வைத்த நீளமான வகை. வலிக்குப் பயந்து குளிக்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருந்தார். எங்களிடம் வந்தபோது மணிக்கட்டு இறுகி, வியர்வையில் தோல் சிவந்து, கட்டைவிரல் முன்பைவிட மெலிந்திருந்தது. "இதைக் கழட்டி மாட்டறதே ஒரு வேலைம்மா, அந்த ஒட்டுப் பட்டையைப் பிய்க்கிறதுல இடது கட்டைவிரலும் வலிக்க ஆரம்பிச்சுடுச்சு" என்றார்.

அவர் சொன்னதில் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது. அடிமூட்டுக்கு மட்டும் வலி என்றால் மணிக்கட்டைக் கட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. குட்டையான வகை போதும். அது உள்ளங்கையைச் சுற்றி, கட்டைவிரலின் அடிப்பகுதியை மட்டும் அணைத்துப் பிடிக்கும். மணிக்கட்டும் கட்டைவிரல் நுனி மூட்டும் வெளியே இருக்கும்.

வகை இரண்டு. நியோப்ரீன் என்ற மெத்தென்ற ரப்பர் துணியில் வருவது ஒன்று. கடையில் கிடைக்கும், போட சுலபம், இதமான அணைப்பு தரும், ஆனால் மூட்டை முழுதாக நிறுத்தாது. மற்றொன்று தெர்மோபிளாஸ்டிக் தகடு. சூடான நீரில் இளக்கி, உங்கள் கையிலேயே வடிவம் செய்து தருவோம். கட்டைவிரல் ஒரு டம்ளரைப் பிடிக்கும் வட்ட நிலையில் இருக்கும்படி அதைச் செய்ய வேண்டும். விரல் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தால் செய்தது தவறு. சென்னை வெயிலுக்குத் துளையுள்ள தகடு கேளுங்கள். அந்தத் தகட்டை வெயிலில் நிறுத்திய காரிலோ மொட்டை மாடியிலோ விட்டுவிட்டால் வடிவம் கோணிவிடும்.

வீட்டில் பொருத்தத்தைச் சோதிக்க ஒரு வழி. ஸ்பிளிண்டோடு ஆள்காட்டி விரல் நுனியைக் கட்டைவிரல் நுனி தொட வேண்டும். மற்ற நான்கு விரல்களையும் முழுதாக மடக்கி முஷ்டி பிடிக்க முடிய வேண்டும், உள்ளங்கைக் கோட்டில் தகடு இடிக்கக்கூடாது. ஒரு டம்ளரை எடுக்கும்போது, முன்பு வந்த வலி உடனே கொஞ்சமாவது குறைய வேண்டும். குறையவில்லையென்றால் அளவோ வடிவமோ தவறு, பழகினால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். கழற்றிய பிறகு தோலில் சிவப்புத் தடம் அரை மணி நேரத்துக்குள் மறைய வேண்டும். சர்க்கரை நோயால் கை மரத்திருப்பவர்கள் தோலைக் கண்ணாலேயே தினம் இருமுறை பார்க்க வேண்டும், வலி வந்து எச்சரிக்கும் என்று நம்ப முடியாது.

டீச்சரம்மாவுக்குக் குட்டைத் தகடு ஒன்று செய்தோம். ஒட்டுப் பட்டையின் முனையில் ஒரு துணி வளையம் தைத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்குள் ஒரு விரலை விட்டு இழுத்தால் போதும், கிள்ள வேண்டாம். உள்ளே பழைய பனியன் துணியில் ஒரு உறை, தினம் இரண்டு முறை மாற்ற. பிறகு நேர அட்டவணை: காய் நறுக்கும்போது, துணி காயப்போடும்போது, விடைத்தாள் திருத்தும்போது போட வேண்டும். டிவி பார்க்கும்போது, ஓய்வில் இருக்கும்போது, பயிற்சி செய்யும்போது கழற்ற வேண்டும். வலி திடீரென்று அதிகமாகும் ஒரு வாரம், பத்து நாட்களுக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அப்போதும் தினம் சில தடவை கழற்றி விரலை அசைக்க வேண்டும். அடுப்புச் சுடர் அருகே நியோப்ரீன் வேண்டாம். பாத்திரம் கழுவும்போது ஸ்பிளிண்ட்மேல் பெரிய அளவு ரப்பர் கையுறை.

இரவில் போடலாமா என்று கேட்பார்கள். பிரான்ஸில் நடந்து 2009-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், இரவில் மட்டும் ஸ்பிளிண்ட் போட்டவர்களுக்கு முதல் மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை, ஓராண்டில் வலி குறைந்திருந்தது. பிரிட்டனில் பின்னர் நடந்த ஒரு பெரிய ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது: பயிற்சியும் மூட்டுப் பாதுகாப்பும் நன்றாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு, அதோடு ஸ்பிளிண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. இரண்டையும் வைத்து நான் சொல்வது இதுதான். பழக்கத்தை மாற்றாமல் ஸ்பிளிண்டை மட்டும் நம்பாதீர்கள். மாற்றிக்கொண்ட பிறகு, ஸ்பிளிண்ட் போட்டால் வேலை சுலபமாக இருக்கிறதென்றால் போடுங்கள். இரவில் வலித்து எழுந்தால் மெத்தென்றதைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் சில மாதங்கள் பொறுமை வேண்டும்.

எங்கே செய்வார்கள்? சென்னையில், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையில் மூட்டு வலியோடு மற்ற உடல்நலச் சிக்கல்களையும் ஒரே இடத்தில் காட்டலாம். எங்கு போனாலும் "எனக்குக் கட்டைவிரலுக்கு மட்டும், மணிக்கட்டு கட்டாத ஸ்பிளிண்ட் வேண்டும்" என்று கேளுங்கள். கடையிலேயே வாங்குவதானால் இடதா வலதா என்று பார்த்து, போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தினமும் கிள்ளும் வேலைகள்

ஒரு நாள் முழுக்க, எப்போதெல்லாம் கட்டைவிரலால் கிள்ளிப் பிடிக்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். எண்ணினால் ஆச்சரியமாக இருக்கும். எல்லாவற்றையும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். அதிகம் வலிப்பதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை அட்டை. இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் பிபி, சர்க்கரை, தைராய்டு என்று தினம் ஐந்தாறு மாத்திரை போடுபவர் அத்தனை முறை கட்டைவிரல் நுனியால் அழுத்துகிறார். அட்டையைத் தலைகீழாக ஒரு சின்னக் கிண்ணத்தின் வாயில் வைத்து, பேனாவின் பின்பக்கத்தைக் கைமுஷ்டியில் பிடித்து அழுத்தினால் மாத்திரை கிண்ணத்தில் விழும். வாரம் ஒருமுறை வீட்டில் யாராவது பிரித்து மாத்திரை டப்பியில் போட்டுத் தரலாம். ஈரப்பதம் படக்கூடாத மாத்திரைகள் உண்டு, அவற்றை அட்டையிலேயே விட வேண்டுமா என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி பிழிவது. துண்டைக் குழாயைச் சுற்றி மடித்து, இரண்டு முனையையும் சேர்த்து முழங்கையால் இழுத்து முறுக்குங்கள். துணி கிளிப்பில் விறைப்பான ஸ்பிரிங் உள்ளதைத் தவிர்த்து, கொடியில் மடித்துப் போட்டாலே போதும்.

கோலம்தான் கஷ்டமான கேள்வி. கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே வைத்து மணிக்கணக்கில் இழைய விடுவது, மார்கழியில் மட்டுமாவது, விட்டுவிட முடியாத விஷயம் பலருக்கு. விடச் சொல்லவும் மாட்டேன். கிள்ளும் விசை இதில் குறைவு, நேரம்தான் அதிகம். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை விரித்து நீட்டி, பெரிய கோலத்தைப் பாதி முதல் நாள் இரவு, பாதி விடிகாலை என்று பிரிக்கலாம். வாயகன்ற சிறு குழாய் அல்லது டப்பாவில் மாவு நிரப்பி முழுக் கையால் பிடித்துக் கோடு இழுப்பது இன்னொரு வழி. வளைவு கொஞ்சம் தடிமனாகத்தான் வரும்.

மற்றவை சுருக்கமாக. ஆவின் பாக்கெட்டைப் பல்லாலும் நகத்தாலும் அல்ல, கத்தரிக்கோலால் வெட்டுங்கள். குக்கரை ஒற்றைக் கைப்பிடியில் தூக்காமல், இரண்டு பக்கமும் துணியோடு உள்ளங்கை கொடுத்துத் தூக்குங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனைச் சாய்க்க ஸ்டாண்டோ, பட்டன் அழுத்தும் பம்போ வையுங்கள். பீரோ சாவியின் தலையில் ஒரு தடிமனான ரப்பர் குழாயை மாட்டிவிட்டால் கிள்ளாமல் பிடித்துத் திருப்பலாம். வாட்ஸப்பில் கட்டைவிரலால் தட்டாமல் போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுங்கள், அல்லது குரல் பதிவு அனுப்புங்கள்.

பயிற்சி: ஸ்மைலி பந்தை ஓரம் வையுங்கள்

கை வலி என்றாலே மஞ்சள் பந்தை வாங்கி அமுக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். டீச்சரம்மாவும் தினம் நூறு முறை அமுக்கிக்கொண்டிருந்தார். பந்தை அமுக்கும்போது கட்டைவிரலை உள்ளே இழுக்கும் தசைதான் அதிகம் வேலை செய்யும், அதுதான் ஏற்கெனவே இறுகிப்போன தசை. மூட்டைச் சறுக்க வைப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

இரண்டு பயிற்சி போதும். முதலாவது, பெரிய டம்ளரைப் பிடிப்பது போலக் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் வட்டமாக விரித்து, ஐந்து விநாடி வைத்துத் தளர்த்துங்கள். பத்து முறை. இரண்டாவது, உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்து, ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கமாகத் தள்ளுங்கள். மற்ற கையின் விரலால் அதைத் தடுங்கள். விரல் நகரக்கூடாது, ஆனால் இரண்டு விரலுக்கும் நடுவிலுள்ள சதை கெட்டிப்படுவது தெரிய வேண்டும். ஐந்து விநாடி, பத்து முறை. அந்தச் சதைதான் அடிமூட்டை இடத்தில் நிறுத்தும் காவல். தினம் ஒன்றோ இரண்டோ தடவை. செய்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி அதிகமாகவே இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

மருந்தும் அதற்கு அப்பாலும்

மாத்திரையைவிட முதலில் களிம்பு. டைக்ளோஃபெனாக் ஜெல்லை அடிமூட்டின்மேல், டாக்டர் சொன்ன அளவில், தினம் சில முறை தடவலாம். மூட்டு தோலுக்கு அருகிலேயே இருப்பதால் களிம்புக்கு வேலை செய்ய வாய்ப்பு உண்டு. தடவிய உடனே ஸ்பிளிண்டை இறுக்கிக் கட்ட வேண்டாம், காயட்டும். மருந்துக் கடையில் வலி மாத்திரையைக் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் போடுவது ஆபத்து. சிறுநீரகம், ரத்த அழுத்தம், வயிற்றுப்புண், ரத்தத்தை நீர்க்கும் மருந்து என்று ஏதாவது ஒன்று இருந்தாலே டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள், சில மாதங்கள் நிம்மதி தரும், எல்லோருக்கும் அல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், அந்த நாட்களில் வீட்டில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீச்சரம்மாவிடம் மூன்று வேலைகளை எழுதி, வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். பாட்டில் திறப்பது 8, விடைத்தாள் திருத்துவது 6, கோலம் 7. ஆறு வாரம் கழித்துப் பாட்டில் 3. உள்ளங்கை முறையும், ஸ்பூன் காம்பும், மகன் மூடியை இறுக்காததும் சேர்ந்து. திருத்துவது 4, தடிமனான பேனாவும் ஸ்பிளிண்டும் உதவின. கோலம் 6-லேயே நின்றது. "அது என் பாவம், விடமாட்டேன்" என்று சிரித்தார். கோலத்துக்கு இனி என்ன செய்யலாம் என்பதுதான் அடுத்த சந்திப்பில் எங்கள் பேச்சு.

ஆறு வாரம் இப்படி எழுதிப் பார்த்தும் எந்த எண்ணும் அசையவில்லை, வலி இரவிலும் எழுப்புகிறது, பிடி நாளுக்கு நாள் குறைகிறது என்றால் கை அறுவை நிபுணரைப் பார்க்கும் நேரம். அங்கே பேசப்படும் அறுவை சிகிச்சைகளில் ஒன்று, தேய்ந்துபோன சேண எலும்பை எடுத்துவிடுவது. வலி பெரும்பாலும் நன்றாகவே குறையும். ஆனால் சில வாரங்கள் கட்டும் ஸ்பிளிண்டும், பிடி திரும்பி வர பல மாதங்களும் ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் யார் சமைப்பார்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.